திரும்பி வரும் லாரியிடம் தேதி கேட்பது

கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் ஒரு விசித்திரமான இடத்தில் இருக்கின்றன. நாட்டிலேயே அதிக நூற்பாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அந்த ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. மீதியெல்லாம் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா என்று வடக்கே இருந்து லாரி ஏறி வருகிறது. நூற்று முடித்த நூலில் பெரும்பகுதி மறுபடி லாரி ஏறி பிவண்டிக்கும் இச்சல்கரஞ்சிக்கும் சூரத்துக்கும் அகமதாபாத்துக்கும் போகிறது.

போகும்போது நூல், வரும்போது பஞ்சு. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி உரிமையாளர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சோடி கிடைக்காது. நூல் இல்லாவிட்டால் சேலத்து ஜவ்வரிசி, பொள்ளாச்சித் தென்னை நார் என்று மேலே போக ஏதாவது கிடைத்துவிடும். இறக்கிய பிறகு ஊர் திரும்ப ஒரு பாரம் வேண்டுமே, அதுதான் ரிட்டர்ன் லோடு. காலியாகத் திரும்பினால் டீசலும் சுங்கமும் கைக்காசு. எனவே ரிட்டர்ன் லோடு வாடகை பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே பேசி முடியும்.

ஆலைக்காரர் இங்கேதான் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார். குறைந்த வாடகையும் உறுதியான தேதியும் ஒரே கையில் கிடைக்கும் என்று நினைக்கிறார். திரும்பி வரும் லாரி எப்போது கிளம்பும் என்பது, அது மேலே கொண்டுபோன பாரம் எப்போது இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அகமதாபாத்தில் நூல் இறங்கச் செவ்வாய்க்கிழமை ஆகும் என்றிருந்தது வியாழனாகிவிட்டால், ராஜ்கோட்டில் பஞ்சு ஏற்ற அந்த வண்டி வெள்ளிக்குத்தான் வரும். வாடகை மலிவாக இருப்பதற்கான காரணமே நாளை நிச்சயமில்லாமல் ஆக்கும் காரணமாகவும் இருக்கிறது. ஒரு லாரிக் கம்பெனியிடம் வழக்கமான ரிட்டர்ன் லோடுக்கு விலையும் நாளும் உறுதி கேட்பவர் இந்த முடிச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரும்பாலும் கேள்வி தொலைபேசியில் இப்படித்தான் போகும்.

“அண்ணா, ராஜ்கோட்டுல இருந்து நம்ம மில்லுக்கு நூறு பேல் வருதுங்க. என்ன வாடகை ஆகும்?”

“இன்னைக்கு ரேட்டா சார்?”

“இல்லீங்க, வருசம் பூரா ரெகுலரா. எத்தனை நாள்ல வரும்?”

“அஞ்சு நாள்ல வந்துரும் சார்.”

இந்த ஐந்து நாள் எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புக்கிங் ஆபீஸ்காரர் பொய் சொல்லவும் இல்லை. எல்லாம் சரியாக நடந்தால், இரண்டு டிரைவர் இருந்தால், வண்டி ஏற்றிய இரவே கிளம்பினால் ஐந்து நாளுக்குள் வந்துவிடும். வருடத்தில் எத்தனை நடை அப்படி அமையும் என்பதுதான் ஆலைக்குத் தெரிய வேண்டியது.

ஒரு கணக்குக்காக, 25,000 கதிர்கள் ஓடும் நடுத்தர ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நூலின் நம்பரைப் பொறுத்து மாறும் என்றாலும், இந்த அளவு ஆலை ஒரு நாளைக்குப் பத்து டன் பஞ்சை விழுங்கும். ஒரு பேல் 170 கிலோ என்ற கணக்கில் அது சுமார் 60 பேல். பத்துச் சக்கர லாரி ஒன்றில் நூறு பேல் ஏறும். எடை 17 டன். பஞ்சு வியாபாரத்தில் நூறு பேல் ஒரு லாட் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆக ஒரு லாரிப் பஞ்சு இந்த ஆலைக்கு இரண்டு நாளைக்குக்கூடப் போதாது. வாரத்துக்கு நான்கு லாரி, வருடத்துக்கு 210 லாரி வந்தாக வேண்டும்.

பஞ்சு விலையைக் கண்டிக்கு 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கண்டி என்பது 356 கிலோ. ஒரு லாரியில் இருப்பது ஏறத்தாழ 48 கண்டி, அதாவது 26 லட்சம் ரூபாய்ச் சரக்கு. பத்து சதவீத வட்டியில் இந்தப் பணம் ஒரு நாள் சாலையில் கிடந்தால் நட்டம் எழுநூறு ரூபாய்ச் சொச்சம். இதைப் பார்த்தால் ஒரு நாள் தாமதம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பல ஆலைகள் வாடகையை மட்டும் அழுத்திப் பேசிவிட்டு நாளைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவதற்கு இந்த எழுநூறு ரூபாய்தான் காரணம்.

ஆனால் உண்மையான செலவு சாலையில் இல்லை, ஆலைக் குடோனில் இருக்கிறது. லாரி சில சமயம் ஐந்து நாளிலும் சில சமயம் பத்து நாளிலும் வருகிறது என்றால், ஆலை பத்து நாளுக்குத் தயாராக இருந்தாக வேண்டும். எப்போதும் ஆறு நாளுக்குள் வந்துவிடும் என்றால் நான்கு நாள் பஞ்சைக் கூடுதலாக அடுக்கி வைக்க வேண்டியதில்லை. நான்கு நாள் என்றால் 240 பேல், சுமார் 115 கண்டி, 63 லட்சம் ரூபாய். அதன் வருட வட்டி 6 லட்சத்து 30 ஆயிரம். 210 லாரிக்குப் பங்கு வைத்தால் ஒரு லாரிக்கு 3,000 ரூபாய்.

இது முரட்டுக் கணக்கு. வாரத்துக்கு நான்கு வண்டியும் ஒன்றாகத் தாமதமாவதில்லை. ஒன்று பிந்தினால் மற்றது தாங்கும். மழை, வேலைநிறுத்தம், பண்டிகை என்று வந்தால் மட்டும் எல்லாம் சேர்ந்து பிந்தும். ஆகவே மூவாயிரத்தை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளலாம். பேச்சுவார்த்தைக்குப் போகும் ஆலைக்கு இந்த எண் கையில் இருப்பது நல்லது. நாள் தவறாத வண்டிக்குச் சந்தை விலையைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் ஆலைக்கு லாபம்தான் என்று தெரிந்துகொண்டு பேசலாம். சராசரி ஐந்தரை நாளை ஐந்து நாளாக்கச் சொல்லிக் காசு கொடுப்பதில் பயன் குறைவு. பத்து நாள் ஆகும் அந்தச் சில நடைகளை ஒழிக்கத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இனி நாள் என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு நடையில் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. பாரம் இருக்கிறது என்று சொன்னதிலிருந்து வண்டி ஜின்னிங் ஆலை வாசலில் நிற்பது வரை ஒன்று. வாசலில் நின்றதிலிருந்து ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, பில்லும் ஈ-வே பில்லும் கைக்கு வந்து புறப்படுவது வரை இரண்டாவது. ஓட்டம் மூன்றாவது. ஆலை வாசலில் வந்து நின்றதிலிருந்து கடைசி பேல் இறங்குவது வரை நான்காவது.

முதலாவதும் மூன்றாவதும் லாரிக் கம்பெனியின் கையில் இருப்பவை. இரண்டாவது ஜின்னிங் ஆலையின் கையில். அங்கே பஞ்சு தரம் பார்த்து முடியவில்லை, பணம் வந்து சேரவில்லை, பேல் இன்னும் அடித்து முடிக்கவில்லை என்று வண்டி இரண்டு நாள் நிற்பது சாதாரணம். நான்காவது முழுக்க வாங்கும் ஆலையின் பொறுப்பு. இந்த நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக உறுதி கேட்டால், எந்தப் புத்திசாலி லாரிக்காரரும் எட்டு நாள் என்று தாராளமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அல்லது ஐந்து நாள் என்று சொல்லிவிட்டு, தவறும்போதெல்லாம் “ஜின்னிங்ல லேட்டு சார்” என்பார். இரண்டு பதிலாலும் ஆலைக்குப் பயனில்லை.

மூன்றாவது கடிகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராஜ்கோட் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். வதோதரா, சூரத், தானே, புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, ஓசூர், சேலம் என்று வழி. ஒரே டிரைவர் ஓட்டும் வண்டி ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிலோமீட்டர் போகும். இரண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஐந்நூறைத் தாண்டும். ஆக, ஒற்றை டிரைவருக்கு ஆறு நாள் நியாயமான கணக்கு, இரட்டை டிரைவருக்கு நான்கு நாள். ஒற்றை டிரைவர் வண்டிக்கான வாடகையைச் சொல்லிக்கொண்டே நான்கு நாளில் வரும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது நடக்காது, இல்லை டிரைவர் தூங்காமல் ஓட்டுவார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வரம்பு வைத்திருக்கிறது. சாலையில் அதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் 26 லட்ச ரூபாய்ப் பஞ்சைத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்து, தொப்பூர்க் கணவாயில் இறங்கச் சொல்வது ஆலைக்கும் நல்லதல்ல.

தானேவைச் சுற்றிலும் பெங்களூரு நகரத்துக்குள்ளும் பகல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. தவறான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அரை நாள் ஓரங்கட்டி நிற்க வேண்டியதுதான். பழகிய கம்பெனி இந்த நேரங்களைக் கணக்கில் வைத்துப் புறப்படும் நேரத்தையே மாற்றிக்கொள்ளும். இரவு புறப்பட்டால் எங்கே விடியும் என்று கேட்டுப்பார்த்தாலே, அந்தப் பாதையில் வண்டி விட்டவரா, புத்தகக் கணக்குப் போடுகிறவரா என்று தெரிந்துவிடும்.

ரிட்டர்ன் லோடுக்கே உரிய இன்னொரு தாமதம் உண்டு. அதை யாரும் எழுத்தில் சொல்ல மாட்டார்கள். சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகும் சாலை சங்ககிரி வழியாகத்தான் போகிறது. நாமக்கல்லும் கூப்பிடு தூரம். டிரைவர் வீட்டைப் பார்த்து மாதம் ஆகியிருக்கும். வண்டிக்கு பட்டறை வேலை இருக்கும். உரிமையாளரின் செட்டும் அங்கேதான். ஐந்தாம் நாள் மாலை சேலத்துக்கு வந்துவிட்ட லாரி ஏழாம் நாள் காலையில் ஆலைக்கு வருவதன் மர்மம் இதுதான். இதைத் தடுக்கச் சட்டம் பேசுவதைவிட வெளிப்படையாகப் பேசிக்கொள்வது மேல். இறக்கிவிட்டுத்தான் வீடு என்றால், ஆலையும் வந்த அன்றே இறக்கித் தரவேண்டும். அதற்கு ஆலை தயாரில்லை என்றால் டிரைவர் வீட்டில் தங்குவதைக் குறை சொல்ல வாயில்லை.

இப்போது கேட்கும் கடிதத்துக்கு வருவோம். நல்ல கடிதம் விலையைக் கேட்பதற்கு முன் விவரத்தைக் கொடுக்கும். லாரிக் கம்பெனி எந்த எண்ணை வைத்து விலை போடுமோ அந்த எண்ணெல்லாம் அதில் இருக்கும். நம் கற்பனை ஆலை எழுதினால் அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“எங்கள் ஆலைக்கு ராஜ்கோட், கோண்டல் பகுதி ஜின்னிங் ஆலைகளிலிருந்து வாரத்துக்கு நான்கு லாரி, ஒவ்வொன்றிலும் 100 பேல் (17 டன்) பஞ்சு ஏற்றி வர வேண்டும். ஏற்றும் நாட்கள் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. வண்டி காலை 10 மணிக்குள் வந்தால் அன்று மாலைக்குள் ஏற்றித் தருவது எங்கள் பொறுப்பு. ஆலையில் ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை இறக்கப்படும். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் 24 மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் ஹால்டிங் தொகை தருகிறோம். ஏற்றியதும் 80 சதவீதம், கையெழுத்திட்ட ரசீது வந்த ஏழு நாளில் மீதி. இந்த அடிப்படையில் ஒரு லாரிக்கான வாடகை, வண்டி எத்தனை மணி முன்னறிவிப்பில் வந்து நிற்கும், புறப்பட்டது முதல் எங்கள் வாசல் வரை எத்தனை நாள் ஆகும் என்பதைத் தெரிவிக்கவும். ஒற்றை டிரைவருக்கும் இரட்டை டிரைவருக்கும் தனித்தனியாக எழுதவும். தங்கள் சொந்த வண்டிகள் எத்தனை, மேலே எந்த ஊருக்கு எந்தப் பாரம் வழக்கமாகப் போகிறது என்பதையும் குறிப்பிடவும்.”

கடைசி வரியைத்தான் பலரும் கேட்பதில்லை. மேலே போகும் பாரம் சூரத்தோடு முடிந்தால் அங்கிருந்து ராஜ்கோட் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் காலியாக ஓட வேண்டும். அகமதாபாத் என்றால் இருநூறு கிலோமீட்டர்ச் சொச்சம். பிவண்டியில் இறக்கிய வண்டி ராஜ்கோட்டுக்கு வரவே வராது, அங்கேயே கிடைப்பதை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். வாரத்துக்கு எத்தனை வண்டி அகமதாபாத்தில் காலியாகிறது என்பது தெரிந்தால், நான்கு வண்டி தருகிறேன் என்ற வாக்கின் எடையும் தெரிந்துவிடும். ஆலையே தன் நூலை அகமதாபாத்துக்கு அனுப்புகிறது என்றால் இரண்டையும் ஒரே கம்பெனியிடம் கொடுத்துப் பேசலாம். நூல் இறங்கும் நாளும் பஞ்சு ஏறும் நாளும் அப்போது ஆலையின் கையிலேயே இருக்கும்.

வந்த விலை நியாயமானதா என்று பார்க்க லாரிக்காரரின் செலவை ஆலையே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 17 டன் ஏற்றிய பத்துச் சக்கர வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் 500 லிட்டர் டீசல். லிட்டர் 91 ரூபாய் என்றால் 45,500. சுங்கம் பத்தாயிரம், டிரைவர் பேட்டாவும் வழிச் செலவும் எட்டாயிரம் என்று கொள்வோம். சேர்ந்து 63,500. வண்டிக் கடன் தவணை, இன்சூரன்ஸ், டயர் தேய்மானம் எதுவும் இதில் இல்லை. இந்த நிலையில் ஒருவர் 72,000 கேட்டால் அது ரிட்டர்ன் லோடு விலைதான். இன்னொருவர் 62,000க்கு வருகிறேன் என்றால் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை. அவர் நட்டத்தில் ஓட்டப்போவதில்லை. அதிகப் பாரம் ஏற்றுவார், அல்லது வழியில் இன்னொருவர் சரக்கையும் சேர்த்துக்கொள்வார், அல்லது நல்ல வாடகை கிடைக்கும் வாரத்தில் காணாமல் போவார்.

அந்த நல்ல வாரங்கள் எப்போது வரும் என்பதும் தெரிந்த விஷயம். பஞ்சுப் பருவம் அக்டோபரில் தொடங்கும். தீபாவளி முடிந்து வரத்து குவியும் நவம்பர் முதல் ஜனவரி வரை எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் லாரி கேட்கும். சந்தை வாடகை 72,000இலிருந்து 80,000க்கு ஏறினால், ஒப்பந்தக்காரருக்கு ஒவ்வொரு நடையிலும் எட்டாயிரம் ரூபாய்ச் சபலம். அவரைப் பிடித்து வைப்பது கையெழுத்து அல்ல, ஜூன், ஜூலை மாதங்கள்தான். சந்தையில் பாரமே இல்லாத அந்த மாதங்களிலும் வாரம் நான்கு லாரி தருவேன், அப்போது சந்தை 66,000க்கு இறங்கினாலும் 72,000 தருவேன் என்று ஆலை நின்றால், நவம்பரில் அவரும் நிற்பார். கோடையில் மலிவு வண்டியைத் தேடி ஓடிய ஆலைக்குப் பருவத்தில் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேச முகம் இருக்காது. வருடம் முழுக்க ஒரே விலை என்பது இரு தரப்பும் மாறி மாறிக் கொஞ்சம் நட்டப்படச் சம்மதிப்பது.

டீசல் விலையை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. 2021 நவம்பரில் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்தது. 2022 மே மாதம் மேலும் 6 ரூபாய். 500 லிட்டர் நடையில் பத்து ரூபாய் என்றால் ஐயாயிரம். விலை ஏறினாலும் அதே கணக்குத்தான். அப்படி ஒரு மாற்றத்தைத் தாங்கிக்கொண்டு வாடகை உறுதியை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். எனவே ஒப்பந்தத்தில் ஓர் அடிப்படை விலையை எழுதிக்கொள்வார்கள்: இன்ன தேதியில் இன்ன ஊரில் டீசல் 91 ரூபாய். அதிலிருந்து இரண்டு ரூபாய் வரை ஏறி இறங்கினால் வாடகை மாறாது. அதற்கு மேல் ஒவ்வொரு ரூபாய்க்கும் 500 ரூபாய் கூடும் அல்லது குறையும். ஊரைக் குறிப்பிடுவது முக்கியம். இந்தப் பாதை நான்கு மாநிலங்கள் வழியாகப் போகிறது, விற்பனை வரி ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு. கர்நாடகம் 2024 ஜூனில் டீசல் வரியை உயர்த்தியது, 2025 ஏப்ரலில் மீண்டும் உயர்த்தியது.

அந்த 2025 உயர்வை எதிர்த்து கர்நாடக லாரி உரிமையாளர்கள் ஏப்ரல் நடுவில் சில நாள் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018 ஜூலையில் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் எட்டு நாள் நீடித்தது. 2024 ஜனவரி முதல் நாட்களில், விபத்து செய்துவிட்டுத் தப்பும் டிரைவர்களுக்கான புதிய தண்டனைப் பிரிவை எதிர்த்து டிரைவர்களே வண்டியை விட்டு இறங்கினார்கள். இம்மாதிரி நாட்களை நாள் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். மழையைக் கழிக்கலாமா? சாலை அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டால் மட்டும் என்று எழுதிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஜூலை முழுவதும் மழைதான் காரணம் என்று வரும்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் தெரியாத பகுதி. 1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. அதன்படி சரக்கு அனுப்புபவர் ஒரு ஒப்படைப்புப் படிவம் நிரப்பித் தர வேண்டும், லாரிக் கம்பெனி ரசீது தர வேண்டும். தாமதத்துக்கு எவ்வளவு காலம் இடம் கொடுக்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அந்தப் படிவத்தில் எழுத இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. எழுதிய அந்தக் காலத்துக்குள் அடங்கும் தாமதத்தால் நட்டம் வந்தால் லாரிக் கம்பெனியின் பொறுப்பு வாடகைத் தொகையோடு நின்றுவிடும். காலம் தாண்டினால் சரக்கு இழப்புக்கான பொது விதியின்படி இழப்பீடு. தன் தவறோ கவனக்குறைவோ இல்லை என்று கம்பெனி நிரூபித்தால் எதுவும் இல்லை. ஆக, தொலைபேசியில் சொன்ன ஐந்து நாள் காற்றோடு போகும். படிவத்தில் ஏறியதுதான் நிற்கும். வழக்குப் போடுவதானால் பாரம் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தப் பொது விதிக்கும் ஒரு வரம்பு உண்டு. சரக்கின் மதிப்பைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு செய்யாவிட்டால் இழப்பீடு வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகாது. 72,000 ரூபாய் வாடகைக்கு அது 7 லட்சத்து 20 ஆயிரம். வண்டியில் இருப்பதோ 26 லட்சம். பஞ்சு நனைந்தாலும் கெடும், தீப்பொறி பட்டாலும் போச்சு. ஆகவே சரக்கு இன்சூரன்சை ஆலையே எடுத்துவைத்துக்கொண்டு, லாரிக் கம்பெனியிடம் தேதியை மட்டும் கறாராகப் பேசுவது நடைமுறைக்கு ஏற்றது.

தாமதத்துக்கு அபராதம் போடலாமா? போடலாம், ஆனால் சிறியதாக. ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய், அதிகபட்சம் மூவாயிரம் என்றால் கம்பெனி ஏற்கும், கவனிக்கும். நாளைக்கு ஐயாயிரம் என்று எழுதினால் அந்தத் தொகை முதலிலேயே வாடகையில் ஏறிவிடும், அல்லது டிரைவர் தலையில் இறங்கி வேகமாக ஓட்டச் சொல்லும். இன்னொரு விதம், மாதத்தில் வந்த 17 வண்டியில் 16 வண்டி ஆறு நாளுக்குள் வந்திருந்தால் வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருவது. முன்பு போட்ட மூவாயிரம் கணக்கில் இதற்கு இடம் இருக்கிறது.

நாளைக் கண்காணிப்பது இப்போது சுலபம். ஈ-வே பில்லுக்கு ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் ஆயுள். இந்தப் பாதைக்குப் பத்து நாள். சிலர் இந்தப் பத்து நாளையே பயண உறுதியாகக் காட்டுவார்கள். அது வரித்துறை கொடுக்கும் சலுகைக் காலம், ஓட்டக் கணக்கு அல்ல. அதைத் தாண்டினால் ஆயுளை நீட்டிக்க வேண்டும், மறந்தால் வழியில் வண்டியைப் பிடித்து அபராதம் கேட்பார்கள். ஆனால் ஈ-வே பில்லில் வேறொரு பயன் இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதியில் வண்டி எண் இருக்கும். வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். ராஜ்கோட்டில் ஏற்றிய வண்டி ஒன்று, ஆலைக்கு வந்த வண்டி வேறு என்றால், உறுதி கொடுத்தவர் தன் வண்டியை அனுப்பவில்லை, சந்தையில் கிடைத்ததைப் பிடித்து அனுப்பியிருக்கிறார் என்று பொருள். லாரி ரசீதில் இருக்கும் கம்பெனிப் பெயரையும் வண்டிப் பதிவில் இருக்கும் பெயரையும் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தாலே சொந்த வண்டி எத்தனை, புரோக்கர் வண்டி எத்தனை என்று தெரிந்துவிடும். புரோக்கர் வண்டி வருவது குற்றமல்ல. சொந்த வண்டி என்ற பேச்சில் நாள் உறுதி வாங்கியிருந்தால்தான் அது பிரச்சினை.

இன்னும் ஒரு அடையாளம்: ஏற்றும் நாளுக்கு முந்தைய மாலை வரை வண்டி எண் வரவில்லை என்றால் வண்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். “வந்துட்டே இருக்குது சார்” என்பதற்கு எண் கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே மாலை 6 மணிக்குள் எண் தராவிட்டால் ஆலை வேறு வண்டி பிடிக்கலாம், கூடுதல் வாடகை ஆனால் அதில் பாதி கம்பெனி தரும் என்று எழுதிக்கொள்ளும் ஆலைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு.

விலையை எழுதும்போது ஜிஎஸ்டி யார் கட்டுவது என்பதையும் ஒரு வரியில் முடித்துக்கொள்ள வேண்டும். லாரிக் கம்பெனி வரி போடாமல் பில் கொடுத்தால் 5 சதவீதத்தை ஆலையே நேராகக் கட்ட வேண்டும் என்பது பரவலான முறை. கம்பெனியே வரி போட்டு வசூலிக்கும் முறையும் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளின் விலையை ஒப்பிடும்போது இது ஒரே அடிப்படையில் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

வருட ஒப்பந்தத்துக்கு முன் மூன்று மாதம் ஓட்டிப்பார்ப்பது வழக்கம். அந்த மூன்று மாதத்தில் ஆலை எழுதிவைக்க வேண்டியது ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து நேரங்கள்தான்: பாரம் இருக்கிறது என்று சொன்னது, ஜின்னிங் வாசலில் நின்றது, புறப்பட்டது, ஆலைக்கு வந்தது, இறக்கி முடிந்தது. ஐம்பது வண்டிக்கு இந்த ஐந்தும் கையில் இருந்தால் யாருடைய கடிகாரம் பிந்துகிறது என்று விவாதமே வேண்டாம். பல ஆலைகளுக்கு இதில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். ஓட்டம் ஐந்தரை நாளில் முடிந்திருக்கும், ஏற்றவும் இறக்கவும் சேர்ந்து மூன்று நாள் போயிருக்கும்.

அதனால்தான் அனுபவமுள்ள புக்கிங் ஆபீஸ்காரர் நாளைப் பற்றிக் கேட்டதும் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி போடுவார்.

“ஆறு நாள்ல கொண்டாந்து நிறுத்தறேன் சார். சனிக்கிழமை ராத்திரி வந்தா எப்ப இறக்குவீங்க?”

“திங்கக்கிழமைதாங்க. ஞாயித்துக்கிழமை ஆள் வராது.”

“அப்ப ஹால்டிங் எப்ப இருந்து கணக்கு? வந்து நின்ன நேரத்துல இருந்தா, திங்கக்கிழமை காலையில இருந்தா?”

நம் கற்பனைக் கடிதத்தில் ஞாயிறு தவிர என்று எழுதியிருந்தது, ஆனால் 24 மணி நேரத்தில் ஞாயிறு சேருமா என்று எழுதவில்லை. இதற்கு இரண்டு வழி உண்டு. ஞாயிறு பகலில் இறக்க நான்கு ஆளை வைத்துக்கொள்வது ஒன்று. வார இறுதியில் வந்து சேரும்படி விழும் ஏற்றும் நாட்களை மாற்றி, சனிக்கிழமை இரவு வாசலில் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. ஆறு நாள் ஓட்டத்தில் திங்கள் மாலை புறப்பட்ட வண்டி ஞாயிறு மாலைதான் வந்து சேரும். ஏற்றும் நாளைத் திங்களிலிருந்து புதனுக்கு மாற்றினால் அது செவ்வாய்க்கிழமை வந்து அன்றே இறங்கிவிடும். அந்த ஒரு மாற்றத்தைச் செய்து கொடுத்தால், ஹால்டிங் பேச்சை விட்டுவிட்டு வாடகையில் ஐந்நூறு குறைக்கப் பெரும்பாலும் புக்கிங் ஆபீஸே முன்வரும்.